எட்டாம் மாதம், கண் மஞ்சளாக இருக்கிறது: வியாழக்கிழமை வரை பொறுக்கலாமா?

செங்காங் அண்ணன் | திங்கள், இரவு 9.10

என் தங்கைக்கு இது 33ஆவது வாரம். ஐந்து நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை. வாந்தி, லேசான காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். சனிக்கிழமை குடும்ப மருத்துவர் பார்த்து, வயிற்றுக் கிருமியாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இன்று சாயங்காலம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருக்கிறது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது என்று கேட்ட பிறகுதான் சொன்னாள்.

ஏழாம் மாத வளைகாப்புக்காக தஞ்சாவூர்ப் பக்கம் போய் இரண்டு வாரம் இருந்தாள். திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. அதனால் ஊரில் பிடித்தது எதுவும் இதற்குக் காரணமாக இருக்காது என்று மாப்பிள்ளை நினைக்கிறார். அவள் மாமியார் இது கர்ப்பச் சூடு, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தால் இறங்கிவிடும் என்கிறார். மகப்பேறு மருத்துவரை வியாழக்கிழமை பார்க்க வேண்டியது. அதுவரை காத்திருக்கலாமா?

மலர் தெம்பனிஸ் | திங்கள், இரவு 9.22

பயப்படாதீர்கள் அண்ணா. மஞ்சள் காமாலை சர்வ சாதாரணம். என் மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் வந்தது. நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் படுக்க வைத்தார்கள், இறங்கிவிட்டது. பலதுறை மருந்தகத்தில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

ராஜி தாதி | திங்கள், இரவு 9.31

மலர், நீங்கள் சொல்வது பிறந்த குழந்தைக்கு வருவது. இங்கே மஞ்சளாகியிருப்பது வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் தாய். இரண்டும் வேறு நோய், வேறு அவசரம்.

அண்ணன், வியாழன் வேண்டாம், நாளைக் காலையும் வேண்டாம். இப்போதே கிளம்புங்கள். கேகே மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கான அவசரப் பிரிவு இரவு முழுதும் உண்டு. வேறு மருத்துவமனையில் பதிந்திருந்தால் அங்கே பிரசவ வார்டைக் கூப்பிட்டு, "33 வாரம், கண் மஞ்சள், வாந்தி, இந்தியாவிலிருந்து வந்து ஐந்து வாரம்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டதும் அவர்கள் எடுக்கும் பரிசோதனையே மாறும்.

ஐந்து வாரம் ஆகிவிட்டதே என்று மாப்பிள்ளை நினைப்பது புரிகிறது. தண்ணீரால் வரும் ஹெப்படைடிஸ் ஈ என்ற கல்லீரல் வைரஸ் உடம்புக்குள் போய் இரண்டு முதல் பத்து வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். ஐந்து, ஆறு வாரம் என்பது அதற்கு மிகவும் பொருந்துகிற கணக்கு.

வண்டி வருவதற்குள் இவற்றைப் பாருங்கள். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் முழித்திருக்கிறாளா? கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாளா? வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுகிறாளா? பல் ஈறில், மூக்கில் ரத்தம் வருகிறதா? தலைவலி, கண் மங்கல் உண்டா? பிள்ளை எப்போதும் போல அசைகிறதா? பேச்சு குழறினாலோ, எழுப்பினால் சரியாக எழாவிட்டாலோ டாக்சி தேட வேண்டாம், 995.

பாரசிட்டமால் எத்தனை மாத்திரை, எப்போது போட்டாள் என்று எழுதி எடுத்துப் போங்கள், இனி கேட்காமல் கொடுக்காதீர்கள். கீழாநெல்லி இன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

செங்காங் அண்ணன் | திங்கள், இரவு 9.44

பேச்சு தெளிவாக இருக்கிறது. பிள்ளை அசைகிறது. நேற்று இரவு தூக்கமே இல்லை என்றாள், அது வாந்தியால் என்று நினைக்கிறேன். கிளம்பிவிட்டோம்.

நித்யா ஜூரோங் | திங்கள், இரவு 10.15

எனக்கும் கர்ப்பத்தில் கல்லீரல் பிரச்சினை வந்தது. 35ஆவது வாரத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, இரவில் தாங்கவே முடியாது. ரத்தத்தில் பித்த அமிலம் கூடியிருந்தது. மாத்திரை கொடுத்து, வாரா வாரம் ரத்தம் பார்த்து, 38இல் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளை நலம். இவருக்கும் அதுவாகத்தான் இருக்கும், மனதைத் தளரவிடாதீர்கள்.

ராஜி தாதி | திங்கள், இரவு 10.28

நித்யா, உங்களுக்கு நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஆனால் அதில் அரிப்புதான் முன்னால் வரும். கண் மஞ்சளாவது குறைவு, காய்ச்சல் இருக்காது, சாப்பாடு குமட்டாது. இவருக்கு ஐந்து நாள் காய்ச்சலும் வாந்தியும் முன்னால் வந்து, காய்ச்சல் விட்ட பிறகு கண் மஞ்சளாகியிருக்கிறது. கிருமியால் கல்லீரல் வீங்கும்போது வருகிற வரிசை அது. காய்ச்சல் விட்டதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில்தான் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும்.

காவிரிக்கரையான் | திங்கள், இரவு 11.02

ஹெப்படைடிஸ் ஈ என்பது பன்றி ஈரலிலிருந்து வருவது. சிங்கப்பூரில் அதைப் பற்றிச் செய்தியே வந்திருக்கிறது, கஞ்சியில் அரைவேக்காடாகப் போடும் ஈரல்தான் காரணம் என்று. நம் வீட்டுப் பெண்கள் அதைத் தொடுவதில்லை. எனவே அது இருக்க முடியாது. ஏ அல்லது பி பாருங்கள்.

குழாய்க்காரன் | திங்கள், இரவு 11.20

பாதி சரி. ஈ வைரஸில் பல வகை உண்டு. மூன்றாம், நான்காம் வகைகள் பன்றியிடமிருந்து வருபவை. இங்கே உள்ளூரில் பிடிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாம் வகைதான். முதல் வகை விலங்கு வழியாக வருவதில்லை, மனிதக் கழிவு கலந்த தண்ணீர் வழியாக மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போவது. இந்தியத் துணைக்கண்டத்தில் நடமாடுவது அதுதான். கர்ப்பிணிகளைக் கொல்வதும் அதுதான். ஒருவர் சுத்த சைவமாகவே இருந்தாலும் அது பிடிக்கும்.

செங்காங் அண்ணன் | செவ்வாய், அதிகாலை 3.05

அனுமதித்துவிட்டார்கள். மருத்துவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது: பிலிருபின் 94. ஏ.எல்.டி. 1,840. ஐ.என்.ஆர். 1.3. சர்க்கரை 4.6. பிளேட்லெட் சரியாக இருக்கிறது. ரத்த அழுத்தம் 118/74. பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. ஏ, பி, சி, ஈ எல்லாவற்றுக்கும் ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள், டெங்கிக்கும்கூட.

ஊரில் சித்தப்பாவிடம் 94 என்று சொன்னதும் அழுதுவிட்டார். அங்கே ஒருவருக்கு 20 இருந்தே இறந்துபோனாராம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜி தாதி | செவ்வாய், காலை 6.40

சித்தப்பாவைத் தேற்றுங்கள். இங்கேயும் அங்கேயும் அளவை வேறு. பிலிருபின் என்பது கண்ணை மஞ்சளாக்கும் பொருள். இங்கே சொல்லும் அந்த எண்ணை 17ஆல் வகுத்தால் இந்தியக் கணக்கு வரும். 94 என்பது அங்கே ஐந்தரை. அவர் சொன்ன 20 இங்கே 340. எங்கள் வார்டிலும் ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிப் பயந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏ.எல்.டி. 1,840 என்பது கல்லீரல் அணுக்கள் உடைகின்றன என்று சொல்கிறது. பயமுறுத்துகிற எண்தான், ஆனால் நான் பார்க்கச் சொல்வது அதையல்ல. ஐ.என்.ஆரைக் கேளுங்கள். ரத்தம் உறைவதற்கான பொருள்களைச் செய்வது கல்லீரல்தான். அது வேலையை நிறுத்தினால் இந்த எண் ஏறும். 1.5ஐத் தாண்டி, கூடவே குழப்பமும் மயக்கமும் வந்தால் கல்லீரல் கைவிடுகிறது என்று பொருள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏ.எல்.டி. மளமளவென்று இறங்கினால் குணமாகிறது என்று குடும்பம் நினைக்கும். ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே ஏ.எல்.டி. இறங்கினால், உடைவதற்கு அணுக்களே மீதமில்லை என்றுகூட இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

சர்க்கரை, பிளேட்லெட், ரத்த அழுத்தம் ஏன் பார்த்தார்கள் தெரியுமா? கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பமே கல்லீரலைத் தாக்கும் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் ரத்த அழுத்தம் ஏறி பிளேட்லெட் விழும். இன்னொன்றில் கல்லீரலில் திடீரென்று கொழுப்பு படியும், சர்க்கரை இறங்கும், தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டுக்கும் பிள்ளையை உடனே வெளியே எடுப்பதுதான் வைத்தியம், மணிக்கணக்கு முக்கியம். ஹெப்படைடிஸ் ஈ என்றால் அப்படியில்லை. பிள்ளையை எடுப்பதால் மட்டும் தாயின் கல்லீரல் தேறும் என்று சொல்ல முடியாது, ரத்தம் உறையாத நேரத்தில் அறுவை செய்தால் அதுவே ஆபத்து. மூன்றுக்கும் வெளியே தெரிவது ஒரே மஞ்சள் கண், செய்ய வேண்டியது எதிரெதிர். எது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இரவோடு இரவாகப் போகச் சொன்னேன்.

கருப்பையா துவாஸ் | செவ்வாய், மதியம் 12.50

எனக்கு இதே ஈ வந்தது, 24 வயதில், ஊரில். மூன்று வாரம் படுத்திருந்தேன். கஞ்சியும் இளநீரும்தான், ஒரு மருந்தும் இல்லை. அப்புறம் இங்கே கப்பல் பட்டறை வேலைக்கு வந்துவிட்டேன். தானாகப் போகிற நோய்க்கு இவ்வளவு பதற்றம் எதற்கு?

ராஜி தாதி | செவ்வாய், மதியம் 1.15

தம்பி, உங்கள் வயதில் ஆரோக்கியமான ஆணுக்கு அது தானாகப் போவதுதான் வழக்கம். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: அந்த மாதங்களில் ஹெப்படைடிஸ் ஈ பிடித்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். சேர்ந்து குடித்தது ஒரே தண்ணீராக இருக்கும், கணவர் இரண்டு வாரத்தில் வேலைக்குப் போய்விடுவார், மனைவி பிழைக்காமல் போவார்.

ஏன் கர்ப்பிணிகளை இப்படிப் பிடிக்கிறது என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஹார்மோன் என்கிறார்கள், எதிர்ப்புச் சக்தி மாறுவது என்கிறார்கள், சத்துக் குறைவும் சேருகிறது என்கிறார்கள். எகிப்தில் கிராமத்துப் பெண்களில் பலருக்கு இந்த நோய் வந்துபோன தடயம் ரத்தத்தில் இருந்தது, ஆனால் இந்தியாவில் போல அங்கே சாவுகள் தெரியவில்லை. அதனால் ஒரே காரணம் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

வைரஸைக் கொல்ல மற்றவர்களுக்குச் சில நேரம் கொடுக்கும் ரிபாவிரின், பிள்ளைக்கு ஊனம் வரக்கூடும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஆகவே மருத்துவமனை செய்வது கவனித்துக் காப்பதுதான். சர்க்கரை விழாமல், ரத்தம் கசியாமல், மூளை மயங்காமல் பார்த்து, கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்யும் வரை நேரம் வாங்கிக் கொடுப்பது.

செங்காங் அண்ணன் | வியாழன், இரவு 8.30

ஈ என்று உறுதியாகிவிட்டது. ஐ.என்.ஆர். நேற்று 1.5, இன்று காலை 1.6. தீவிர கண்காணிப்பு வார்டுக்கு மாற்றினார்கள். தாதியர் அடிக்கடி வந்து இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறாய், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்கிறார்கள். கையை நீட்டி விரலை விரிக்கச் சொல்லி நடுங்குகிறதா என்று பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள். தேவைப்பட்டால் கல்லீரல் மாற்றுக் குழுவிடம் பேசுவோம் என்றார்கள். அதைக் கேட்டு மாப்பிள்ளை உடைந்துவிட்டார்.

ராஜி தாதி | வியாழன், இரவு 8.52

அந்தக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது முறையான வேலை. இன்று அவளுக்கு அது வேண்டும் என்று பொருள் இல்லை. நீங்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒன்று செய்யலாம். அவள் வழக்கமாகப் பேசும் பேச்சு உங்களுக்குத்தான் தெரியும். தமிழில் பேசும்போது ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினாலும் தாதியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கிழமையைச் சரியாகச் சொல்லிவிடுவாள், ஆனால் மாமியார் பெயரில் தடுமாறுவாள். அது குடும்பத்துக்குத்தான் முதலில் தெரியும்.

செங்காங் அண்ணன் | ஞாயிறு, காலை 10.20

ஐ.என்.ஆர். வெள்ளி 1.6, நேற்று 1.4, இன்று 1.2. ஏ.எல்.டி.யும் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன, கேட்டு எழுதிக்கொண்டேன். பிலிருபின் மட்டும் 160 வரை ஏறிவிட்டது, அது மெதுவாகத்தான் இறங்குமாம். நேற்று இரவு இட்லி கேட்டாள். இன்று சாதாரண வார்டுக்கு மாற்றுகிறார்கள்.

இனி எனக்கு இரண்டு கேள்வி. இது மாப்பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் ஒட்டுமா? அப்புறம், இது எங்கே பிடித்தது? ஊரில் இருந்த இரண்டு வாரமும் கேன் தண்ணீர்தான் குடித்தாள். குழாய்த் தண்ணீரைத் தொடவே இல்லை.

ராஜி தாதி | ஞாயிறு, காலை 10.55

இந்த ஐ.என்.ஆர். கணக்கைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது. வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவது குறைவுதான். கழிவறைக்குப் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அவள் சமைக்காமல் சில வாரம் ஓய்வாக இருப்பது போதும். மாப்பிள்ளையும் அதே ஊரில் அதே தண்ணீரைக் குடித்தவர் என்றால், அவர் தன் உடம்பைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கும் தாயிடமிருந்து போகலாம். அதனால் பிறந்ததும் அதன் சர்க்கரையையும் கல்லீரலையும் பார்க்கும்படி குழந்தை மருத்துவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தாய்ப்பால் பற்றி அப்போதைய நிலையைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள்.

குழாய்க்காரன் | ஞாயிறு, மதியம் 2.30

இங்கே வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டில் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்தேன். எங்கே பிடித்தது என்று இனி நிரூபிக்க முடியாது. ஆனால் "கேன் தண்ணீர்தான் குடித்தாள்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இது: வளைகாப்பு அன்று சர்பத்தில் போட்ட ஐஸ் எந்தத் தண்ணீர்? பந்தியில் வைத்த தேங்காய்ச் சட்னி எதில் கரைத்தது? பல் தேய்த்து வாய் கொப்பளித்தது எதில்? கேனைக் கவிழ்த்த மண்பானையில் டம்ளரைக் கையோடு முக்கி எடுத்தவர்கள் எத்தனை பேர்?

ஊரில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். பக்கத்தில் ஓடும் சாக்கடை, விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படும். காலையில் முதலில் வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. 1955 கடைசியில் தில்லியில் யமுனையில் வெள்ளம் வந்து, கழிவுநீர் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்தது. 29,000 பேருக்கு மேல் காமாலை வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அவ்வளவு அழுக்கான தண்ணீரில் குளோரின் அழுக்கோடே தீர்ந்துபோகும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது. அது ஈ என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டில் வைக்கும் மெழுகுவத்தி மாதிரி வெள்ளை ஃபில்டர் கலங்கலை நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. ஆர்.ஓ. இயந்திரம் நன்றாக இருந்தால் நிறுத்தும். ஆனால் சவ்வு மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது, அதன் சேமிப்புத் தொட்டியைக் கழுவியவரையும் நான் பார்த்ததில்லை. படிகாரம் மண்ணை அடியில் இறக்கும், அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு நான் நம்புவது கொதிக்க வைத்த தண்ணீர் ஒன்றையே. ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் இறக்கக் கூடாது. புரண்டு கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் முழுதாக விட வேண்டும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி, அந்தக் குழாயில் மட்டும் பிடிக்க வேண்டும்.

மலர் தெம்பனிஸ் | ஞாயிறு, மாலை 4.10

இதைப் படித்த பிறகு இங்கே எங்கள் வீவக வீட்டிலும் ஃபில்டர் போட்டு, அதையும் கொதிக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

குழாய்க்காரன் | ஞாயிறு, மாலை 4.25

வேண்டியதில்லை. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீரை அப்படியே குழாயில் பிடித்துக் குடிக்கலாம். இங்கே குழாய்க்குள் அழுத்தம் எப்போதும் இருக்கும், அதுதான் பெரிய வித்தியாசம். மாற்றாமல் விட்ட ஃபில்டர் அந்த நல்ல தண்ணீரைக் கெடுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது பன்றி ஈரல்தான், சாப்பிடுகிறவர்கள் உள்ளே சிவப்பு இல்லாமல் வேக வைத்துச் சாப்பிட வேண்டும். காவிரிக்கரையான் சொன்னதில் அந்தப் பாதி இங்கே பொருந்தும்.

காவிரிக்கரையான் | ஞாயிறு, மாலை 5.00

தண்ணீர் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் கீழாநெல்லியை ஒரேயடியாக ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொடுத்துக் குணமாகியிருக்கிறது.

ராஜி தாதி | ஞாயிறு, மாலை 5.40

கருப்பையா தம்பி கஞ்சி குடித்தே குணமானார். தானாகக் குணமாகும் நோயில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். கர்ப்பிணிகளிடம் அதைக் கொடுத்துச் சோதித்து, பாதுகாப்பு என்று யாரும் நிறுவவில்லை. என் கவலை இலையைப் பற்றியது மட்டுமல்ல. மூன்று நாள் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லும் அந்த மூன்று நாளில்தான் ஐ.என்.ஆர். ஏறுகிறது. தங்கைக்கு அது 1.3இலிருந்து 1.6 ஆனது திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில்.

காவிரிக்கரையான் | ஞாயிறு, மாலை 5.52

மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே கொடுக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

ராஜி தாதி | ஞாயிறு, மாலை 6.05

அப்படியானால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எண் ஏறும்போது நோயாலா, கொடுத்ததாலா என்று அவர்தான் பிரிக்க வேண்டும். நான் இருந்தால் கொடுக்க மாட்டேன்.

பிரியா ஈசூன் | ஞாயிறு, இரவு 9.15

டிசம்பரில் எனக்கு வளைகாப்பு, புதுக்கோட்டையில். அப்போது 28 வாரம் இருக்கும். இதற்குத் தடுப்பூசி உண்டா? இங்கேயே வைக்கலாம் என்றால் அம்மா அழுகிறார்.

ராஜி தாதி | ஞாயிறு, இரவு 9.32

சீனாவில் 2011இல் அனுமதி பெற்ற ஒரு தடுப்பூசி உண்டு. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடுவதில்லை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். போவதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். போனால் திரும்பி வந்த பிறகு பத்து வாரம், அதாவது கிட்டத்தட்டப் பிரசவம் வரை, காய்ச்சலும் குமட்டலும் வந்தால் ஊர் போய் வந்ததைச் சொல்லிக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

குழாய்க்காரன் | ஞாயிறு, இரவு 9.50

போனால் ஒரு மின்கெட்டிலை எடுத்துப் போங்கள், தங்கும் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பல் தேய்க்கவும் அந்தத் தண்ணீர்தான். ஐஸ், வெட்டி வைத்த பழம், கரைத்த சட்னி வேண்டாம். சுடச்சுட இறக்கிய இட்லி, சாதம், குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். சாப்பிடும் தட்டைக் கழுவிய ஈரத்தோடு வாங்காமல் துடைத்து வாங்குங்கள்.

பிரியா ஈசூன் | ஞாயிறு, இரவு 9.58

மோர்? அம்மா கையால் மோர் குடிக்காமல் இருக்க முடியாது.

குழாய்க்காரன் | ஞாயிறு, இரவு 10.04

பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறோம், தயிரில் சிக்கல் இல்லை. மோராக்கும்போது ஊற்றும் பச்சைத் தண்ணீரில்தான் இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரில் கடைந்து தரச் சொல்லுங்கள், ஐஸ் போடாமல்.